ஹட்டன் பக்கம் பார்சல் டெலிவரி: நிறுத்தங்களை வரிசைப்படுத்த உதவி தேவை

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் த்ரீவீலரில் பார்சல் கொடுக்கிறோம், ஒரு நாளைக்கு 25 இடம் வரும். கூகுள் மேப்பில் அத்தனையையும் ஒரே வழியாகப் போட முடியாது, போட்டாலும் நாம் கொடுத்த வரிசையிலேயேதான் காட்டும். அதனால் எக்செல்லில் ஜிபிஎஸ் புள்ளிகளைப் போட்டு, "அடுத்து கிட்ட இருக்கிற இடம்" என்று வரிசை எடுக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் இந்தக் கரையில் ஒரு லயம் முடிந்ததும் எதிர்க்கரை லயத்தைக் காட்டுகிறது. நேர்கோட்டில் கிட்டத்தான், ஆனால் த்ரீவீலர் தண்ணீரில் போகாதே, ரோட்டில் முழுக்கச் சுற்ற வேண்டும்.

சரி, நேர்கோட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு இடத்திலிருந்தும் மற்ற ஒவ்வொரு இடத்துக்கும் ஆகும் ரோட்டு நேரத்தை வைத்து அட்டவணை போடலாம் என்றால், ஏற்றத்துக்கு ஒரு நேரம், இறக்கத்துக்கு வேறு நேரம். ஆபிஸையும் சேர்த்தால் 26 புள்ளி, 650 கட்டம், கையால் நிரப்ப ஏலாது. OSRM என்ற வழி கணக்கிடும் மென்பொருள் இலவசமாக இந்த அட்டவணையைத் தரும், ஆனால் அதன் சாதாரண கார் அமைப்பு ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காது.

யாராவது மலைப் பாதைக்கு இதைத் திருத்தியிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் சந்தி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தோட்ட ரோட்டையும் உள்ளே போய்த் திரும்பும் ஒரே நிறுத்தமாக எடுத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.