"முதலாம் ஆண்டு நன்றி, 20% தள்ளுபடி" என்று பதிவு போட்ட கடைகளில் உங்கள் அனுபவம் என்ன?

கார்த்திகா, ஈரோடு
எங்கள் தெருமுனைப் பிரியாணிக் கடைதான். "எங்களை வளர்த்த உங்களுக்கு நன்றி, ஞாயிறு முழுவதும் 20% தள்ளுபடி" என்று பதிவு வந்தது. கடை திறந்த புதிதிலிருந்து அப்பா அங்கேதான் சாப்பிடுகிறார். போனோம், சாப்பிட்டோம், பில் முழுத் தொகைக்கு வந்தது. கேட்டால், "பார்சலுக்கு மட்டும்தாங்க" என்றான் கல்லாவில் இருந்த பையன். பதிவில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. போனை நீட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "ஓனர் எங்கிட்ட இப்படித்தாங்க சொன்னாரு" என்றான். அப்பா ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணி வைத்தார். அந்த முகம் இன்னும் உறுத்துகிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

செல்வம்
எனக்கு வரியில் நடந்தது. 400 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். 400க்கு 5% ஜிஎஸ்டி 20 ரூபாய் போட்டு, அப்புறம் 80 கழித்து, 340 வாங்கினார்கள். முதலில் கழித்தால் 320, அதற்கு வரி 16, மொத்தம் 336. நாலு ரூபாய்தானே என்று விடக்கூடாது. தள்ளுபடி நாளில் ஜிஎஸ்டி போடுவதே தப்பு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். கார்த்திகா, பில்லும் அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டும் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.

மெஸ்காரர், கரூர்
செல்வம் அண்ணே, கழித்த பிறகுதான் வரி என்பது சரி. தள்ளுபடி நாளில் வரியே கூடாது என்பது சரியில்லை. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடையே வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால், வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது, அது எல்லா நாளுக்கும் பொருந்தும். பில்லிலேயே போட்டிருக்கும், பாருங்கள்.

சொந்தக் கடை போடுமுன் நான் வேலை பார்த்த இடத்திலும் இதே மாதிரி ஒரு ஞாயிறு. பிளேட் 200 ரூபாய். அரிசி, கறி, எண்ணெய், மசாலா 80 போனால் 120 நிற்கும். வாடகை, சம்பளம், கேஸ் எல்லாம் அதிலிருந்துதான். 40 தள்ளுபடி கொடுத்தால் நிற்பது 80. வழக்கமான 100 பிளேட்டில் வருகிற 12,000 கிடைக்க, அன்று 150 பிளேட் போயாக வேண்டும். கூட்டம் வந்துவிட்டது, ஆனால் ஒன்றரை மணிக்கே அண்டா காலி. அடுத்த அண்டாவுக்குக் கறி வேகணும், அரிசி பாதி வேகணும், அப்புறம் தம். எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாசலில் சத்தம் போட்டதால் முன்னாலேயே தம்மை உடைத்தார்கள். அடியில் குழைந்துவிட்டது, மேலே சோறு நறுக்கு நறுக்கென்று நின்றது. தினமும் ஷிப்ட் முடித்து இரண்டு மணிக்கு வருகிற மில்காரர் ஒருவர், ஒரு வாய் வைத்துவிட்டு சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. அதற்குப் பிறகு அவரைக் கடையில் பார்க்கவில்லை. அன்று தள்ளுபடி வாங்கியவர்களில் பாதிப் பேர் புதுமுகங்கள்.

அதனால் என் கடை ஆண்டு விழாவுக்கு ஞாயிறை விட்டுவிட்டு, செவ்வாய் முதல் வியாழன் வரை வைத்தேன். வழக்கமாக வருபவர்களுக்கு முந்தின வாரமே பில்லோடு ஒரு சீட்டு. பொதுவில் நன்றி மட்டும் எழுதினேன், சலுகையை எழுதவில்லை.

சுமதி
அண்ணா, எங்கள் அக்கா டிபன் கடைக்கு அடுத்த மாதம் ஒரு வருடம் முடிகிறது. பதிவு எப்படி எழுதுவது? அவள் கேக் வெட்டுவதா என்றும் யோசிக்கிறாள்.

மெஸ்காரர், கரூர்
கேக் உங்கள் விருப்பம் தங்கச்சி. பதிவு இப்படி இருக்கட்டும்: "கடைக்கு ஒரு வயது. காலை ஆறரைக்கே இட்லிக்கு வந்து நிற்பவர்களுக்கும், சட்னியில் உப்பு கூடினால் அன்றைக்கே சொன்னவர்களுக்கும் நன்றி. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை 7 முதல் 10 வரை தோசை வகைகளுக்கு 15% தள்ளுபடி. உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சலானாலும் உண்டு. ஆப் வழி ஆர்டருக்கு இல்லை. மாவு தீரும் வரை." கமிஷன் போகிற ஆர்டரில் தள்ளுபடியும் கொடுத்தால் கையைக் கடிக்கும், அதனால்தான் அந்த வரி. பதிவைப் போடுமுன் கல்லாவில் இருப்பவர், பரிமாறுபவர் இருவரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கார்த்திகா சொன்ன கடையில் விட்டுப்போனது அதுதான்.

பஷீர், நாகூர்
வழக்கமானவர்களுக்கு மட்டும் சீட்டு என்பதை நான் ஏற்க மாட்டேன். போன வருடம் ஒரு கடையின் நன்றிப் பதிவைப் பார்த்துத்தான் முதல் தடவை உள்ளே போனேன். மாஸ்டரிலிருந்து தட்டு கழுவும் அம்மா வரை படத்தோடு பெயர் போட்டிருந்தார்கள். தண்ணீர் வைத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. 10% தான் கழித்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் சாப்பிடுகிறேன். புது ஆளை விரட்டினால் கடை எப்படி வளரும்?

மெஸ்காரர், கரூர்
விரட்டவில்லை பாய். பத்து சதவீதத்தை அடுப்பு தாங்கும். இருபதைத் தாங்குமா என்பதுதான் என் கேள்வி.

கார்த்திகா, ஈரோடு
கணக்கெல்லாம் புரிகிறது அண்ணா. ஆனால் ஓனர் அன்று கடையில்தான் இருந்தார். எழுந்து வந்து, "உங்களுக்கு இல்லாததா?" என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முழுப் பணத்தையும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார். 1915க்கு நான் போன் போடப் போவதில்லை. அப்பா வேண்டாம் என்கிறார்.

செல்வம்
போடுங்கள். பில் தேதி என்ன?