மீட்டர் பிரிட்ஜ்: R மாற மாற X மாறுகிறது, இடம் மாற்றிச் சராசரி எடுத்தும் சரியாகவில்லை

கயல் (பிளஸ் டூ)

வணக்கம். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் மீட்டர் பிரிட்ஜ் வைத்து ஒரு கம்பிச்சுருளின் மின்தடை X கண்டுபிடிக்கிறோம். முதலில் சுருள் இடது இடைவெளியிலும் மின்தடைப் பெட்டி (R) வலது இடைவெளியிலும் இருக்கும். அப்புறம் இரண்டையும் இடம் மாற்றுவேன். சமநிலை நீளத்தை எப்போதும் இடது முனையிலிருந்துதான் அளக்கிறேன். கிடைத்தவை இவை:

R = 1 ஓம்: 80.5 செ.மீ., X = 4.13. இடம் மாற்றியபின் 18.6 செ.மீ., X = 4.38. சராசரி 4.25
R = 2 ஓம்: 67.2, X = 4.10. மாற்றியபின் 31.9, X = 4.27. சராசரி 4.18
R = 4 ஓம்: 50.4, X = 4.06. மாற்றியபின் 48.8, X = 4.20. சராசரி 4.13
R = 10 ஓம்: 28.4, X = 3.97. மாற்றியபின் 70.7, X = 4.14. சராசரி 4.06

சுருள் ஒன்றுதான். ஆனால் R கூடக் கூட X குறைந்துகொண்டே வருகிறது. எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு 4.15 என்று எழுதிவிடலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் இப்படி வருகிறது?

கல்லூரி முதலாண்டு

இது முனைத் திருத்தப் பிழை. கம்பியின் இரண்டு முனையிலும் செம்புப் பட்டையோடு பற்றவைத்த இடத்தில் கொஞ்சம் மின்தடை இருக்கும், அது அளவுகோலில் தெரியாது. அதற்காகத்தான் இடம் மாற்றிச் சராசரி எடுக்கச் சொல்கிறார்கள். சராசரி எடுத்தால் பிழை முழுசாகப் போய்விடும். நீ எடுத்த பிறகும் வித்தியாசம் இருக்கிறது என்றால் ஜாக்கியை வைத்த இடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். இல்லையென்றால் பெட்டிக்குப் போகிற வயர் நீளமாக இருக்கும். குட்டை வயர் போட்டுப் பார்.

சர்க்யூட் சரவணா

எனக்கும் இதே பிரச்சினைதான். ஜாக்கியை இடது முனையில் வைத்தாலும் வலது முனையில் வைத்தாலும் கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கம்தான் சாய்கிறது. சமநிலைப் புள்ளியே கிடைக்கவில்லை. இதுவும் முனைத் திருத்தமா?

இயற்பியல் ஆசிரியர், மதுரை

சரவணா, உங்களுடையது வேறு. முள் இரு முனையிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் ஒரு இடைவெளியில் இணைப்பு அறுந்திருக்கும். சுருளின் முனையில் எனாமல் சுரண்டாமல் விட்டிருக்கலாம், பெட்டியில் ஒரு பிளக் சரியாக உட்காராமலும் இருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.

கயல், உன் அளவீடுகளில் தவறு இல்லை என்றுதான் நினைக்கிறேன். நடுவில் ஒரு மில்லிமீட்டர் தப்பாகப் படித்தால் X-இல் 0.4 சதவீதம் மாறும். 80 செ.மீ. பக்கம் 0.6 சதவீதம். உனக்கு R = 1-இல் மட்டும் 4.13, 4.38 என்று 6 சதவீதம் விலகியிருக்கிறது. அது கண் செய்கிற பிழை இல்லை.

வயரும் காரணமில்லை. பெட்டிக்குப் போகிற வயர் R-ஐக் கூட்டும். R சின்னதாக இருக்கும்போது அது அதிகம் உறுத்தும், கணக்கில் X குறைவாக வரும். அப்படியானால் R = 1-இல்தான் X மிகக் குறைவாக வந்திருக்க வேண்டும். உனக்கு நேர்மாறாக வந்திருக்கிறது. சுருளுக்குப் போகிற வயர் என்றால் X எல்லா R-க்கும் ஒரே அளவு கூடியிருக்கும், இப்படி வரிசையாக இறங்காது.

தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. முனைத் திருத்தம்தான். ஆனால் இடம் மாற்றிச் சராசரி எடுத்தால் அது முழுசாகப் போய்விடும் என்பது சரியில்லை. இடது முனையில் மறைந்திருக்கும் மின்தடை α செ.மீ. கம்பிக்குச் சமம், வலது முனையில் β செ.மீ. கம்பிக்குச் சமம் என்று வைத்துக்கொள். சுருள் இடதுபுறம் இருக்கும்போது உண்மையான உறவு இதுதான்:

X / R = (l + α) / (100 − l + β)

இப்போது α, β இரண்டும் சமம் என்று வைத்துப் பார். இடம் மாற்றினால் சமநிலைப் புள்ளி கம்பியின் நடுவைப் பொறுத்து அப்படியே எதிர்ப்பக்கம் போய் உட்காரும். இரண்டு தடவையும் ஒரே X வரும். மாணவர் 'பிழையே இல்லை' என்று சந்தோஷப்படுவார். ஆனால் அந்த X தவறாகத்தான் இருக்கும், ஏனென்றால் குட்டையான பக்கத்தில் விட்டுப்போன ஒரு செ.மீ., நீளமான பக்கத்தில் விட்டுப்போன ஒரு செ.மீ.-ஐ விட விகிதத்தை அதிகம் கெடுக்கும். இடம் மாற்றிச் சராசரி எடுப்பது α-வுக்கும் β-வுக்கும் உள்ள வித்தியாசத்தால் வருகிற பிழையைத்தான் பெரும்பாலும் நீக்கும். இரண்டும் சேர்ந்து செய்கிற பிழை அப்படியே நிற்கும். புள்ளி நடுவில் விழும்போது மட்டும் அதுவும் இல்லாமல் போகும். அதனால்தான் உன் நான்கு சராசரிகளில் R = 4-க்கு வந்த 4.13-ஐ நான் நம்புவேன்.

இரண்டு தடவையும் விடை வேறுவேறாக வருவதால் உன் பிரிட்ஜில் α, β சமமில்லை என்பதும் தெரிகிறது. அளந்து பார்த்துவிடலாம். இரண்டு மின்தடைப் பெட்டி எடு. இடதில் 10 ஓம், வலதில் 1 ஓம் வைத்துச் சமநிலை நீளம் l₁ எடு. அவற்றை இடம் மாற்றி l₂ எடு. பிளக்குகளை நன்றாகத் திருகி அழுத்து. செல்லின் சாவியை அளக்கும் நேரம் மட்டும் மூடு, கம்பி சூடாகக் கூடாது.

கயல் (பிளஸ் டூ)

எடுத்துவிட்டேன் சார். l₁ = 91.2, l₂ = 8.0. ஒவ்வொன்றையும் செல்லின் முனைகளைத் திருப்பிப் போட்டும் பார்த்தேன், அதே இடம்தான்.

இயற்பியல் ஆசிரியர், மதுரை

செல்லைத் திருப்பிப் பார்த்தது ரொம்ப நல்லது. செம்பும் கம்பியும் சேரும் இடத்தில் வெப்பமின் இயக்குவிசை தொந்தரவு செய்திருந்தால் புள்ளி நகர்ந்திருக்கும். P = 10, Q = 1 என்று போடு:

α = (Q l₁ − P l₂) / (P − Q) = (91.2 − 80) / 9 = 1.24 செ.மீ.
β = (P l₁ − Q l₂) / (P − Q) − 100 = (912 − 8) / 9 − 100 = 0.44 செ.மீ.

இடது முனை வலதைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இனி உன் R = 1, இடம் மாற்றிய அளவீட்டைப் பார். பெட்டி இடதில், 18.6 செ.மீ. அதில் 1.24 விட்டுப்போயிருக்கிறது, அதாவது 6 சதவீதத்துக்கு மேல். மறுபக்கம் 81.4-இல் விட்டுப்போனது 0.44 மட்டும், அரை சதவீதம். R-இன் பக்கம் இல்லாத அளவுக்குக் குட்டையாகத் தெரிந்ததால் X பெருத்து 4.38 ஆனது. திருத்திப் போட்டால் 81.84 / 19.84 = 4.13. மற்றவற்றை நீயே போட்டுப் பார் மா.

கயல் (பிளஸ் டூ)

போட்டேன் சார்.

R = 1: 4.10, 4.13
R = 2: 4.12, 4.14
R = 4: 4.13, 4.13
R = 10: 4.11, 4.13

முன்பு 3.97 முதல் 4.38 வரை சிதறிக் கிடந்தது. இப்போது எல்லாம் 4.10-க்கும் 4.14-க்கும் நடுவில். R-ஐப் பார்த்து இறங்குவதும் நின்றுவிட்டது.

ஆனால் எங்கள் ரெக்கார்டு நோட்டில் முனைத் திருத்தத்துக்குக் கட்டமே இல்லை. செய்முறைத் தேர்வில் என்ன செய்வது?

இயற்பியல் ஆசிரியர், மதுரை

தேர்வில் R-ஐ 3, 4, 5 என்று வைத்துக்கொள். புள்ளி 40-க்கும் 60-க்கும் நடுவில் விழும். இடம் மாற்றிச் சராசரி எடுத்தாலே போதும், மிச்சப் பிழை மில்லிமீட்டர் பிழைக்குள் அடங்கிவிடும். R = 1, R = 10 எல்லாம் வேண்டாம்.

ஆய்வகம் 35

நான் பள்ளி ஆய்வகங்களுக்குக் கருவி பழுது பார்ப்பவன். α 1.24 என்பது ரொம்ப அதிகம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கான்ஸ்டன்டன் கம்பி என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 2.5 ஓம் வரும். 1.24 செ.மீ. என்றால் 0.03 ஓம். நல்ல இணைப்பில் அவ்வளவு இருக்காது. இடது பக்கத் திருகு மரைகளைக் கழற்றிச் செம்புப் பட்டையை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பாருங்கள். கம்பியைத் தேய்க்காதீர்கள். ஜாக்கியை அழுத்தி இழுத்துக்கொண்டே போகிற பழக்கமும் வேண்டாம், கம்பி அங்கங்கே தேய்ந்தால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

கல்லூரி முதலாண்டு

திருகுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் அண்ணா? அளவுகோலின் பூஜ்யம் கம்பி தொடங்கும் இடத்தில் இல்லாமல் தள்ளி ஒட்டியிருந்தாலும் α கூடத்தானே செய்யும்?

ஆய்வகம் 35

கூடும். ஆனால் அளவுகோல் மட்டும் நகர்ந்திருந்தால் α கூடுகிற அளவுக்கு β குறையும், கூட்டுத்தொகை மாறாது. இணைப்பு மோசமானால் கூட்டுத்தொகையே ஏறும். இறுக்கிய பின் கூட்டுத்தொகை இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கயல் (பிளஸ் டூ)

இன்று ஆய்வக உதவியாளர் அண்ணன் இடது திருகுகளைத் தேய்த்து இறுக்கித் தந்தார். அதே 10 ஓம், 1 ஓம் வைத்தேன். l₁ = 91.2, l₂ = 8.5. α = 0.69, β = 0.39. கூட்டுத்தொகை 1.68-லிருந்து 1.08 ஆகிவிட்டது. அப்படியானால் பழைய α-வை இனி பயன்படுத்தக் கூடாது, இல்லையா?

இயற்பியல் ஆசிரியர், மதுரை

கூடாது. திருகைத் தொட்டால் α, β புதிதாக எடுக்க வேண்டும். X-க்கான அளவீடுகளும் அவற்றோடு ஒரே நாளில் இருக்கட்டும்.

l₂-வில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் α 0.1 செ.மீ. மாறும் என்பதையும் மனதில் வை. 1.24 என்று நாம் எழுதியது உண்மையில் 1.2 பக்கம் என்றுதான் பொருள். 0.69-உம் அப்படித்தான். ஆனால் குறைந்தது 0.5-க்கு மேல், அதனால் திருகுதான் பெரிய காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கல்லூரி முதலாண்டு

ஒரு கேள்வி சார். α அளக்கும்போது 1 ஓம் பெட்டியின் வயரும் பிளக்கும் சேர்ந்து 0.02 ஓம் கூடினாலே α, β இரண்டும் 0.2 செ.மீ. குறைவாகத் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பதில் 100 ஓம், 10 ஓம் வைத்தால் அந்த 0.02 பொருட்படாது அல்லவா?

ஆய்வகம் 35

விகிதம் அதேதான், வயர் பிரச்சினை குறையும். ஆனால் பள்ளியில் இருக்கும் கால்வனோமீட்டருக்கு அவ்வளவு பெரிய மின்தடையில் முள் சோம்பலாக அசையும். புள்ளி எங்கே என்று இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குக் குழப்பும். நான் 50, 5 வரைதான் போவேன்.

இயற்பியல் ஆசிரியர், மதுரை

எங்கள் பள்ளிக் கால்வனோமீட்டரில் 100, 10 வைத்தும் ஓரளவு தெளிவாகவே கிடைத்தது. கருவியைப் பொறுத்தது. கயல், நேரம் கிடைத்தால் இரண்டு விதமாகவும் எடுத்து இங்கே போடு. மீதியுள்ள 0.69-இல் எவ்வளவு இணைப்பு, எவ்வளவு அளவுகோலின் பூஜ்யம் என்பதையும் அப்போது பேசலாம். மூலைமட்டத்தைக் கம்பியின் தொடக்கத்தில் வைத்து அளவுகோலில் எங்கே விழுகிறது என்றும் பார்த்துவை.

கயல் (பிளஸ் டூ)

திங்கட்கிழமை ஆய்வக வகுப்பு இருக்கிறது சார். எடுத்துப் போடுகிறேன்.