எரியும் கோடு, கொப்புளம்: டியூப்லைட் பூச்சியை எப்படித் தடுப்பது?

கும்பகோணம் பக்கம், வயலை ஒட்டிய வீடு. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கழுத்திலும் கையிலும் சாட்டையால் இழுத்தது போலச் சிவந்த கோடு விழுகிறது. இரவில் ஒன்றும் தெரியாது. மறுநாள்தான் எரிச்சல், அப்புறம் கோடு நெடுகச் சிறு கொப்புளங்கள். மகளுக்கு முழங்கை மடிப்பில் மேலும் கீழும் ஒரே அச்சு. கையை மடக்கினால் இரண்டும் பொருந்துகின்றன.

அக்கி என்று காவி எழுதச் சொன்னார் பாட்டி. தோல் டாக்டரோ, விளக்குக்கு வரும் பூச்சி நசுங்கி அதன் உடல்நீர் பட்ட புண் என்றார். எறும்பு போல நீளமாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி இருக்கும், கடிக்காது, கொட்டாது.

இப்போது மேலே ஏறினால் நசுக்காமல் ஊதிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். டாக்டர் தந்த ஸ்டீராய்டு களிம்பில் புண் ஆறுகிறது. ஆனால் புதுக் கோடுகள் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று, கதவிடுக்கில் வருகிறது. கொசுவத்திக்கெல்லாம் அசைவதாக இல்லை. பிள்ளை படிக்கிறாள், விளக்கை அணைக்கவும் முடியாது.

வயலோரம் இருப்பவர்கள் சொல்லுங்கள்: டியூப்லைட்டைக் கழற்றி மஞ்சள் எல்இடி போட்டதில் இந்தப் பூச்சி வரத்து உண்மையில் குறைந்ததா?