ஒரே சுகர் மாத்திரை: ஒரு கவர்ல 'சா.முன்', இன்னொரு கவர்ல 'சா.பின்'. உங்க வீட்டுல நடந்திருக்கா?

மஞ்சக்குப்பம்வாசி:

அப்பாவுக்கு 68 வயசு. நாங்க கடலூர், சுகர் டாக்டர் புதுச்சேரி. டாக்டரைப் பார்த்த அன்னிக்கு முதல் மாச மருந்தை அங்கேயே வாங்கிடுவோம். அடுத்த மாசங்களுக்கு அதே சீட்டைக் காட்டி இங்க வாங்கிக்குவோம். இந்தத் தடவை டாக்டர் மாத்திரையை மாத்தினார். சீட்டுல இருக்கிறது இதுதான்: முதல் வரி க்ளைமிபிரைடு 1, மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர் ரெண்டும் சேர்ந்த மாத்திரை, 1-0-0. ரெண்டாவது வரி கேஸ் மாத்திரை பான்டப்ரசோல் 40, அதுவும் 1-0-0. இந்த ரெண்டு வரிக்கும் வலது பக்கம் ஒரு வளைவு மாதிரி இழுத்து 'ஏசி'ன்னு எழுதியிருக்கார். மூணாவது வரி கொலஸ்ட்ரால் மாத்திரை அடோர்வாஸ்டேட்டின் 10, 0-0-1, 'ஹெச்எஸ்'.

புதுச்சேரி கடையில சுகர் மாத்திரை கவர்ல காலை, சா.முன் டிக் அடிச்சாங்க. அப்பா அதைப் பார்த்துட்டு காலையில 6:30க்கு எழுந்ததும் ரெண்டு மாத்திரையையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டு பாடலீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பிடுவார். வந்து இட்லி சாப்பிட 9 ஆகும். ஒரு நாள் கோயில்ல கூட்டம். 9:30க்கு வந்தவர் சட்டையெல்லாம் நனைஞ்சு, கை நடுங்கி, வாசல்லயே உக்காந்துட்டார். மெஷின்ல பார்த்தா 58. மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்தோம். கால் மணி நேரம் கழிச்சு 84. அப்புறம்தான் இட்லி.

ரெண்டாவது மாசம் கடலூர்ல வாங்கினோம். கம்பெனி வேற, மருந்து அதேதான். இந்தக் கடையில சா.பின் டிக். அப்பா உடனே "பார்த்தியா, அந்தக் கடைக்காரன் தப்பா எழுதித்தான் எனக்கு மயக்கம் வந்துச்சு"ங்கறார். எது சரி? இது மாதிரி யாருக்காவது ஆகியிருக்கா?

முத்தியால்பேட்டை மாமா:

தம்பி, இது சுலபம். சுகர் மாத்திரைன்னா எப்பவும் சாப்பாட்டுக்கு முன்னாடிதான். கேஸ் மாத்திரையும் முன்னாடி. மத்ததெல்லாம் பின்னாடி. நான் பன்னிரண்டு வருஷமா சுகர் மாத்திரை போடறேன். கடலூர்க்காரர் தப்பு. ஹெச்எஸ்னா ராத்திரி சாப்பிட்டதும் போடறது. டாக்டர் எழுதினது ஏசி, அதாவது சாப்பாட்டுக்கு முன்னாடி, அதை மாத்த கடைக்காரர் யாரு?

செம்மண்டலம் குமார்:

ரெண்டு கடையிலயும் விலை எவ்வளவு வந்துச்சு? எனக்கும் இப்படித்தான் கம்பெனியை மாத்திக் கொடுத்தாங்க, அட்டைக்கு நாப்பது ரூபா அதிகம். கேட்டா "இதுதான் ஸ்டாக்"ங்கறாங்க. கம்பெனி மாத்தறதுக்கு முன்னாடி நம்மகிட்ட கேக்க வேணாமா?

நெல்லித்தோப்பு மருந்தாளுநர் (ஓய்வு):

குமார் சார், உங்க கேள்வியும் நியாயம்தான், ஆனா இங்க சிக்கல் வேற.

மஞ்சக்குப்பம் தம்பி, அந்த வளைவை நல்லா பாருங்க. டாக்டர் ரெண்டு வரியையும் சேர்த்துத்தான் இழுத்திருப்பார். கோடு கொஞ்சம் சின்னதா இருந்தா, ஏசிங்கறது பான்டப்ரசோலுக்கு மட்டும்னு படிக்கத் தோணும். அப்படிப் படிச்ச கடைக்காரருக்கு முதல் வரியில நேரமே எழுதலைன்னு ஆயிடும். அப்போ அவர் என்ன செய்வார்? மாத்திரையில மெட்ஃபார்மின் இருக்கு, மெட்ஃபார்மின் சாப்பிட்டபின்னு வழக்கமா எழுதற மாதிரி எழுதிடுவார். நான் கவுன்டர்ல நின்ன காலத்துல இப்படி வந்த சீட்டு நிறைய.

அவர் எழுதினதுக்கும் காரணம் இருக்கு. மெட்ஃபார்மின் வெறும் வயித்துல போனா குமட்டும், வயித்தைப் பெரட்டும், சிலருக்கு பேதியாகும். அதனால சாப்பாட்டோட போகணும். க்ளைமிபிரைடு வேற ஜாதி. அது உடம்புல இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு அது பார்க்காது. அதனால முதல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியோ, சாப்பாட்டோடயோ போடச் சொல்லுவோம். ரெண்டும் ஒரே மாத்திரையில இருந்தா என்ன செய்யறது? தட்டு முன்னாடி வந்தாச்சு, இட்லி வெச்சாச்சு, அப்போ மாத்திரையைப் போட்டு உடனே சாப்பிட ஆரம்பிக்கணும். இது முன்னும் இல்லை பின்னும் இல்லை, அதான் கவர்ல டிக் அடிக்க இடமே இல்லை!

பான்டப்ரசோல் கதை வேற. அது அரை மணி முன்னாடி போகணும். சீட்டுல ரெண்டுக்கும் ஒரே ஏசிதான், ஆனா ஒண்ணுக்கு அரை மணி, இன்னொண்ணுக்கு கையில தட்டு. அப்பாவுக்கு நடந்தது அதனாலதான். புதுச்சேரி கடைக்காரர் டாக்டர் எழுதினதைத்தான் எழுதினார். 6:30க்குப் போட்டு 9:30 வரைக்கும் வயித்துல ஒண்ணும் போகலைங்கறதுதான் பிரச்சனை.

மாமா, சுகர் மாத்திரைன்னு ஒரே மாத்திரை கிடையாது, அதுல பல ஜாதி. நீங்க போடறது எதுன்னு அட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்கும், பாருங்க. ஹெச்எஸ் படுக்கப் போகும்போது. நீங்க சொன்னது பாதி சரி, ஏன்னா அடோர்வாஸ்டேட்டினுக்கு சாப்பாடு முன்ன பின்ன ஒண்ணும் ஆகாது, தினமும் ஒரே நேரத்துல போட்டாப் போதும். தூக்க மாத்திரைக்கு ஹெச்எஸ் எழுதியிருந்து அதை எட்டு மணி சாப்பாட்டோட போட்டா, டிவி முன்னாடியே சரிஞ்சு விழுவீங்க.

வில்லியனூர் டீச்சர்:

எங்க மாமியாருக்கு இதைவிட மோசம். கடை மாறினதுல கம்பெனி பேரும் மாறிடுச்சு. பழைய அட்டையில அஞ்சாறு மாத்திரை மிச்சம். டாக்டர் புதுசா ஒண்ணு சேர்த்திருக்கார்னு நினைச்சு ரெண்டையும் காலையில போட்டுக்கிட்டாங்க. ரெண்டும் அதே பிரஷர் மாத்திரை. எழுந்தா தலை சுத்துது, குளியலறையில விழப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் புது அட்டை வந்ததும் பழைய அட்டையைப் பக்கத்துல வெச்சு, பின்னாடி இருக்கிற மருந்து பேரையும் மில்லிகிராமையும் நானே ஒப்பிட்டுப் பார்க்கறேன். முன்னாடி இருக்கிற பெரிய எழுத்துப் பேரை நான் நம்பறதே இல்லை.

சார், 1-0-1ன்னு இருந்து முன் பின் எதுவும் எழுதலைன்னா சாப்பிட்டபின்னு எடுத்துக்கலாமா?

நெல்லித்தோப்பு மருந்தாளுநர் (ஓய்வு):

எடுத்துக்கக் கூடாது டீச்சர். 1-0-1ங்கறது காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அவ்வளவுதான். பிடின்னு எழுதினாலும் அதேதான். ஓடின்னா நாளுக்கு ஒண்ணு, ஆனா எந்த வேளைன்னு அதுல இல்லை. சாப்பாடு பத்தித் தனியா எழுதணும், எழுதலைன்னா கேக்கணும். தைராய்டு மாத்திரையை இட்லிக்கு அப்புறம் போட்டா, நாளாக நாளாக தைராய்டு டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் ஏறி, டாக்டர் டோஸைக் கூட்டிக்கிட்டே போவார்.

எனக்கு ரொம்ப பயமான சீட்டு மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு நாள்தான். யாராவது சுருக்கமா எழுதி, அதை தினமும்னு படிச்சுட்டா உயிருக்கே ஆபத்து. அதைக் கொடுக்கும்போது கவர்ல நான் 1-0-0ன்னு எழுதவே மாட்டேன், 'ஞாயிறு மட்டும்'னு எழுதி, வாங்கறவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். சிலர் கோவிச்சுக்குவாங்க. பரவாயில்லை.

மஞ்சக்குப்பம்வாசி:

சார், அப்போ நான் மூணாவதா ஒரு கடையில காட்டிக் கேக்கட்டுமா?

நெல்லித்தோப்பு மருந்தாளுநர் (ஓய்வு):

வேணாம், ஓட்டெடுப்பு நடத்தாதீங்க. மூணாவது கடைக்காரரும் அதே வளைவைத்தான் படிக்கப்போறார். முதல்ல கடலூர் கடையில சீட்டையே காட்டி (புதுச்சேரி கவரை இல்லை) "ஏசி எந்த வரிக்கு?"ன்னு கேளுங்க. அவருக்கே சந்தேகம் வரும். அப்புறம் சீட்டு, ரெண்டு கவர், ரெண்டு அட்டையோட பின்பக்கம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து டாக்டர் கிளினிக்குக்கு அனுப்புங்க. "முன்னாடியா பின்னாடியா"ன்னு மட்டும் கேட்டா ஒரு வார்த்தையில பதில் வரும், பிரயோஜனம் இல்லை. "எத்தனை நிமிஷம் முன்னாடி? அப்பா 9 மணிக்குத்தான் சாப்பிடறார்"னு கேளுங்க. 58 வந்ததையும் கண்டிப்பா சொல்லுங்க, அதைக் கேட்டு டோஸையே யோசிப்பார். அந்த மருந்து நாள் முழுக்க வேலை செய்யும், சர்க்கரைத் தண்ணி குடிச்சு சரியானாலும் திரும்ப இறங்கலாம். அன்னிக்கு இட்லி கொடுத்தது நல்லது. பதில் வர்ற வரைக்கும் நீங்களா நிறுத்தவும் வேணாம், பாதியா உடைக்கவும் வேணாம். எஸ்ஆர் மாத்திரை மெல்லக் கரையற மாதிரி செஞ்சது, உடைச்சா அந்தக் கணக்கு கெட்டுடும்.

முத்தியால்பேட்டை மாமா:

அட்டையைப் பார்த்தேன். எனக்கு வெறும் மெட்ஃபார்மின்தான். இத்தனை வருஷமா முன்னாடி போட்டும் எனக்கு ஒண்ணும் ஆகலையே?

நெல்லித்தோப்பு மருந்தாளுநர் (ஓய்வு):

மாமா, உங்க வயிறு கெட்டியான வயிறு. மெட்ஃபார்மின் மட்டும்னா சுகர் சட்டுன்னு கீழ இறங்காது, அதான் தப்பிச்சீங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

மஞ்சக்குப்பம்வாசி:

கிளினிக்ல இருந்து பதில் வந்துச்சு. வளைவு ரெண்டு வரிக்கும்தானாம். ஆனா டாக்டர் சொன்னது: பான்டப்ரசோல் எழுந்ததும், கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி. சுகர் மாத்திரை கோயில்ல இருந்து வந்து இட்லிக்கு உக்காரும்போது. ரெண்டு வாரம் காலை, மதியம் சுகர் பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கார், கிட்னி டெஸ்ட்டும் எழுதியிருக்கார். கடலூர் கடைக்காரர் நல்ல மனுஷன், சீட்டைப் பார்த்துட்டு சா.பின் டிக்கைக் கோடு போட்டு அடிச்சுட்டு 'சாப்பிட உட்காரும்போது'ன்னு பேனாவால எழுதிக் கொடுத்தார். அப்பா மட்டும் இன்னும் புதுச்சேரிக்காரர் மேல கோவமாத்தான் இருக்கார்.

பாகூர் அக்கா:

எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாத்திரைதான், 2 மில்லிகிராம். கார்த்திகை, சஷ்டி எல்லாம் விரதம் இருப்பார், மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. அன்னிக்கு மாத்திரையை விட்டுடணுமா, மதியம் போடணுமா? மாமியார் போடவே கூடாதுங்கறாங்க, இவர் பழக்கப்படி காலையில போட்டுடறார்.

நெல்லித்தோப்பு மருந்தாளுநர் (ஓய்வு):

காலையில போட்டுட்டு மதியம் வரைக்கும் பட்டினி இருக்கறது மட்டும் வேணாம்மா, அந்தப் பழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்க. மதியத்துக்கு மாத்தறதா, அன்னிக்கு விட்டுடறதா, வேற மருந்தாங்கறதை அவரோட சுகர் அளவையும் கிட்னியையும் பார்த்து டாக்டர்தான் சொல்லணும். சஷ்டிக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

பாகூர் அக்கா:

கேட்டா விரதமே இருக்காதேன்னு சொல்லிடுவாரோன்னுதான் இவர் டாக்டர்கிட்ட வாயே திறக்கறதில்லை சார்.