காசிக்கு ரயிலில் ஆறு பேர்: கட்டுசாதம் எவ்வளவு கட்டினீர்கள்?

தாம்பரம் வசந்தி
போன மே மாதம் சென்னையிலிருந்து காசிக்கு ஆறு பேர் போனோம். சாயங்காலம் ஏறினால் மூன்றாம் நாள் காலையில் இறங்கணும். வீட்டில் சாப்பிடுகிற கணக்கிலேயே 2 கிலோ அரிசிக்குப் புளியோதரை, 60 இட்லி, 40 சப்பாத்தி கட்டினேன். மறுநாள் மதியம் நாக்பூர் நெருங்கும்போது தூக்கைத் திறந்தால் மூடிக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். சோற்றைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று நூல் விட்டது. அத்தனையும் குப்பைக்குப் போனது. மனசே ஆறவில்லை. பங்குனியில் மாமனார், மாமியாரோடு மறுபடி போகிறோம். ஆளுக்கு எவ்வளவு என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை கணேசன்
புளி இருந்தால் மூன்று நாள் தாங்கும். எங்கள் ஆச்சி அப்படித்தான் கட்டித் தருவார்கள். நல்லெண்ணெய் குறைத்திருப்பீர்கள்.

மதுரை ஷாஜகான்
நாங்கள் காரில் ஷீரடி போனபோது சின்ன கேஸ் அடுப்பு வைத்திருந்தோம். நாலு பேருக்கு ஒருநாளைக்கு முக்கால் கிலோ அரிசி போதுமாக இருந்தது. நீங்களும் அடுப்பு எடுத்துப் போனால் சூடாகவே சாப்பிடலாமே?

கும்பகோணம் ராஜம்
ஷாஜகான் தம்பி, ரயிலில் அடுப்பும் சிலிண்டரும் கூடவே கூடாது. 2023 ஆகஸ்டில் உங்கள் ஊரில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் போனார்களே.

வசந்தி, பல வருஷமாக யாத்திரைக் கோஷ்டிகளுக்குச் சாப்பாடு கட்டித் தருகிறேன். உட்கார்ந்தே போகிறவர்களுக்குப் பசி குறைவு. வீட்டில் சாப்பிடுவதில் முக்கால் பங்கு போதும். நடுநடுவே முறுக்கு, பழம், டீ வேறு உள்ளே போகும். அதைவிட முக்கியம் வரிசை. சீக்கிரம் கெடுவதை முதலில் காலி பண்ணணும்.

உங்கள் ஆறு பேருக்கு நான் கட்டினால், முதல் ராத்திரிக்குத் தயிர்சாதம், ஆளுக்கு 75 கிராம் அரிசி, மொத்தம் அரைக் கிலோவுக்குள். மறுநாள் காலை ஆளுக்கு 4 இட்லி, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி. கூட ஒரு நாலைந்து போதும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். மதியம் புளியோதரை, ஆளுக்கு 100 கிராம் அரிசி, மொத்தம் 600 கிராம். நீங்கள் கட்டியது அதற்கு மூன்று மடங்குக்கும் மேலே! இரண்டாம் ராத்திரிக்கு ஆளுக்கு 3 சப்பாத்தி, முக்கால் கிலோ கோதுமை மாவு தாராளம். தொக்கு கால் கிலோ. ஈரச் சாப்பாடு அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு உலர்ந்தது மட்டும்தான்.

கணேசன் சொன்ன மூன்று நாள் புளிக்காய்ச்சலுக்குப் பொருந்தும். எண்ணெய் மிதக்கக் காய்ச்சினால் அது வாரக்கணக்கில் இருக்கும். சோற்றில் கலந்துவிட்டால் கோடையில் மறுநாள் மதியம் வரைதான் நம்புவேன். வசந்திக்குக் கெட்டது எண்ணெயால் இல்லை, சூட்டோடு மூடியதால். ஆவி மூடியில் தண்ணீராகிச் சோற்றிலேயே சொட்டியிருக்கிறது. சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, அடிவரை ஆறிய பிறகு கலந்து, வேளைக்கு ஒரு சின்ன டப்பாவாகக் கட்டுங்கள். பெரிய தூக்கில் ஒரு கரண்டி பட்டால் மொத்தமும் போகும்.

நெல்லை கணேசன்
ஆச்சி கட்டித் தந்தது மார்கழியில். இப்போது யோசித்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோவை மல்லிகா
தயிர்சாதத்தில் எனக்கு உடன்பாடில்லை அக்கா. நான் பால் அதிகமாக ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுக் கலப்பேன், மறுநாள் மதியமும் புளிக்காமல் இருந்திருக்கிறது.

கும்பகோணம் ராஜம்
ஏசி பெட்டியாக இருந்திருக்கும் மல்லிகா. ஸ்லீப்பரில் வைகாசி வெயிலில் நான் அந்தப் பரீட்சைக்குப் போகமாட்டேன்.

கோவை மல்லிகா
ஸ்லீப்பர்தான் அக்கா. ஆனால் தை மாதம்.

தாம்பரம் வசந்தி
வண்டி தாமதமானால்? போன தடவை 7 மணி நேரம் தாமதம். காலையில் சேர வேண்டியது, மத்தியானம் ஆனது. மாமனாருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடணும்.

கும்பகோணம் ராஜம்
அதற்குத்தான் அவல். ஆளுக்கு 60 கிராம், ஒரு நல்ல கைப்பிடி ரெண்டு வரும். கெட்டி அவல் என்றால் கால் மணி நேரம் குடிநீரில் ஊறணும். ஒரு வேளைக்கு ஆறு பேருக்கு 360 கிராம், தாமதத்துக்கு இன்னொரு வேளை சேர்த்து முக்கால் கிலோ. மாமனாருக்கு வெல்லம் போடாமல் உப்பும் ஊறுகாயும் போதும். வறுத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் அவர் பையிலேயே இருக்கட்டும். அளவையும் மாத்திரை நேரத்தையும் அவருடைய டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். முறுக்கு, தட்டை எல்லாம் ஆளுக்கு ஒருநாளைக்கு 50 கிராம், அதற்கு மேல் தாகம்தான் எடுக்கும்.

தாம்பரம் வசந்தி
குறித்துக்கொண்டேன் அக்கா. முந்தின வாரமே 100 கிராம் அரிசிக்குப் புளியோதரை கலந்து, மூடி சமையலறையிலேயே மறுநாள் மதியம் வரை வைத்துப் பார்க்கப் போகிறேன். சப்பாத்தி மாவைப் பாலில் பிசைவதா, தண்ணீரிலா? பாலில் பிசைந்தால் மெத்தென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் வாடை வரும் என்கிறாள் நாத்தனார்.