டைப் சி போர்ட்டில் பஞ்சு அடைத்திருக்கிறது: பல்குத்தும் குச்சியால் எடுக்கலாமா?

பின்னலாடைக்காரன்:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன், எப்போதும் சட்டைப் பையில்தான் இருக்கும். பத்து நாட்களாகச் சார்ஜர் சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் ஏறுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது. வேறு கேபிள் போட்டும் அதே கதை. ஒரு கடையில் காட்டியபோது, உள்ளே பார்க்காமலேயே சார்ஜிங் போர்டு மாற்ற வேண்டும், 900 ரூபாய் ஆகும் என்றார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். துளையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது. ஊக்கு, சிம் எடுக்கும் பின், பல்குத்தும் குச்சி மூன்றும் கையில் இருக்கின்றன. கம்பெனியில் மெஷின் சுத்தம் செய்யும் ஏர் கன்னும் உண்டு. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

கரூர் வாசி:
சிம் பின்னே போதும் தம்பி. போனை அணைத்துவிட்டுச் செய்தால் ஒன்றும் ஆகாது. மூன்று வருடமாக நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

சாலிடர் அக்கா:
14 வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இது பஞ்சுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள் தம்பி. கேபிளை முழுக்க அழுத்திச் செருகிவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். பிளக்கின் பிளாஸ்டிக்குக்கும் போனுக்கும் நடுவே உலோகம் பளிச்சென்று தெரிகிறதா? அதே கேபிளை வீட்டிலிருக்கும் இன்னொரு போனில் செருகிப் பாருங்கள். அங்கே இடைவெளி குறைவாகவும், கடைசியில் 'டக்' என்று பிடிப்பதாகவும் இருந்தால், உங்கள் போனில் பிளக் அடிவரை போகவில்லை என்று பொருள். ஒவ்வொரு முறை சார்ஜ் போடும்போதும் நீங்களே பஞ்சை உள்ளே இடித்து இடித்து அட்டைபோல ஆக்கியிருப்பீர்கள். பிளக் முழுவதும் உட்கார்ந்தும் ஆடினால் அது வேறு பழுது. அதற்குக் குச்சி உதவாது.

கரூர் அண்ணன் போனை அணைக்கச் சொன்னது சரி. மின்சார ஆபத்து அதில் குறைகிறது. ஆனால் சுரண்டல் ஆபத்து அப்படியே இருக்கிறது. டைப் சி துளையின் நடுவே நாக்கு மாதிரி மெல்லிய தகடு ஒன்று நிற்கிறது. கனம் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதன் மேலும் கீழுமாகப் பன்னிரண்டு பன்னிரண்டு தொடுமுனைகள், மேலே மெல்லிய தங்கப் பூச்சு. எஃகுப் பின்னால் கீறினால் பூச்சு போய்விடும், கொஞ்ச நாளில் அந்த இடம் கறுக்கும். பின்னை நெம்புகோலாக்கிப் பஞ்சைக் கிளப்பினால் நாக்கே உடையும். அப்படி நாக்கு முறிந்து வந்த போன்களுக்குப் போர்டு மாற்றியிருக்கிறேன்.

பல்குத்தும் குச்சி நல்லதுதான், ஆனால் கடையில் வாங்கியபடி செருகாதீர்கள். அதன் கனம் சுமார் 2 மில்லிமீட்டர். நாக்குக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இருக்கும் சந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கூர்முனை நுழையும், பிறகு திணறும், நீங்கள் அழுத்துவீர்கள், நாக்கு வளையும். ஆகவே பிளேடால் முனையை இருபுறமும் சீவி, உளி மாதிரி தட்டையாக ஆக்குங்கள். முனையிலிருந்து 6 மில்லிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். துளையின் ஆழம் ஏறக்குறைய அவ்வளவுதான். கோடு வாசலுக்கு வந்துவிட்டால் அடியைத் தொட்டுவிட்டீர்கள், அதற்கு மேல் தள்ள வேண்டாம்.

போனை அணைத்து, துளை தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். இரண்டு ஓரங்களிலும் வளைவான மூலைகள் இருக்கும். அங்கே தொடுமுனை கிடையாது, அங்கிருந்து தொடங்குங்கள். குச்சியின் தட்டைப் பக்கம் வெளிச்சுவரை ஒட்டியே போகட்டும், நாக்கின் மேல் சாய வேண்டாம். அடியில் தொட்டதும் சுவரோடு ஒட்டி மெல்ல வெளியே இழுங்கள். குத்துவதல்ல, வாருவது. முனை நார்நாராகப் பிரிந்தால் உடனே புதுக் குச்சி சீவுங்கள். உள்ளே முறிந்த சிராயை எடுப்பது பஞ்சை எடுப்பதைவிடக் கஷ்டம்.

ஏர் கன் வேண்டவே வேண்டாம். கம்ப்ரெஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். வாயால் ஊதினாலும் எச்சில் ஈரம் போகும். கேமரா லென்ஸுக்கு விற்கும் ரப்பர் ஊதுபந்து இருந்தால் கடைசியில் இரண்டு முறை அழுத்துங்கள், போதும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் கூடாது. எடுப்பதைவிட அதிகப் பஞ்சை அதுவே விட்டுவரும்.

நாகர்கோவில் ஆசிரியை:
பல்குத்தும் குச்சிக்குப் பதில் தென்னை ஈர்க்குச்சி சரியாக இருக்காதா? இயல்பாகவே மெலிது, சீவ வேண்டியதில்லை. இன்னொரு சந்தேகம்: என் போனில் கேபிளை ஒரு பக்கமாகச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, திருப்பிச் செருகினால் ஏறுவதில்லை. நானும் இப்படிச் சுத்தம் செய்யலாமா?

சாலிடர் அக்கா:
ஈர்க்குச்சி வளையும் டீச்சர், அடியில் இறுகிய பஞ்சைப் பெயர்க்க அதற்கு வலு போதாது. காய்ந்ததாக இருந்தால் பட்டென்று முறியும்.

உங்கள் போனின் பழுது வேறாக இருக்கலாம். கேபிளைக் கண்டுகொள்ளும் தொடுமுனை நாக்கின் இரு பக்கமும் ஒவ்வொன்று உண்டு. ஒரு பக்கத்தில் அது கெட்டிருந்தால் நீங்கள் சொல்வதுபோல்தான் நடக்கும். ஒரு பக்கம் மட்டும் தூசி மூடியிருந்தாலும் அப்படியே. முதலில் வேறு கேபிளில் பாருங்கள், பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அது அரிப்பு. குச்சியால் தொடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கரூர் வாசி:
தங்கப் பூச்சு விஷயம் எனக்குத் தெரியாது. சிம் பின்னை இனி விட்டுவிடுகிறேன். ஆனால் குச்சி நுனியில் சானிடைசர் தொட்டுக்கொண்டால் அழுக்கு நன்றாக வருமே?

சாலிடர் அக்கா:
சானிடைசரில் தண்ணீர் உண்டு, சிலவற்றில் பசையும் உண்டு, அது வேண்டாம் அண்ணா. கடையில் நாங்கள் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் வைத்திருக்கிறோம். பிசுக்கு இருந்தால் மட்டும் பிரஷ் நுனியில் துளி தொட்டுத் தேய்ப்போம், நன்றாக உலரவிட்ட பிறகுதான் சார்ஜர் போடுவோம். பஞ்சுக்கு ஈரமே கூடாது, நனைந்தால் களிபோல ஒட்டிக்கொள்ளும்.

ஈரோடு மெக்கானிக்:
மூங்கில் குச்சியை நான் நம்புவதில்லை. சீவினால் ஊசி மாதிரி நார் நிற்கிறது. தீக்குச்சியின் மருந்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்த மென்மரத்தைச் சீவித்தான் பயன்படுத்துகிறேன். அழுத்தினால் மரம்தான் நசுங்கும், போர்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

சாலிடர் அக்கா:
மென்மரம் நசுங்குவதால் இறுகிய பஞ்சு அசையாமல் போவதும் உண்டு அண்ணா. என் கைக்கு மூங்கில்தான் பழகியிருக்கிறது. மெழுகுத் தீக்குச்சியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பின்னலாடைக்காரன்:
அக்கா சொன்னபடி செய்தேன். இன்னொரு போனில் இடைவெளி தெரியவே இல்லை, என் போனில் நகக்கனம் இருந்தது. குச்சி சீவத்தான் நேரமானது, முதல் இரண்டை ஒடித்துவிட்டேன், நல்லவேளையாக வெளியிலேயே. மூலையிலிருந்து வாரியபோது முதலில் வெறும் தூசிதான் உதிர்ந்தது. நான்காவது முறை இழுத்ததும், கம்பளித் துணியில் வெட்டியதுபோல ஒரு சாம்பல் துண்டு பாதி வெளியே வந்து தொங்கியது. துளையின் வடிவத்திலேயே வளைந்திருந்தது. நாங்கள் ஓட்டும் நீல நூலும் அதில் தெரிந்தது. மறுபக்கத்தில் இன்னொரு சின்னத் துண்டு.

இப்போது கேபிள் 'டக்' என்று பிடிக்கிறது, போனைத் தூக்கினாலும் விழுவதில்லை. ஆனால் பழைய கேபிளில் மட்டும் வேகச் சார்ஜ் வரவில்லை, புதியதில் வருகிறது. அது கேபிள் கோளாறா, போர்ட்டில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

சாலிடர் அக்கா:
புதியதில் வருகிறதென்றால் எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம். பழைய கேபிளின் பிளக் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் தம்பி, அங்கேயும் பஞ்சு இருக்கும். அதற்கும் அதே குச்சிதான், சார்ஜரிலிருந்து கழற்றிய பிறகு.