பெரியவீட்டுக் குழு: சித்தப்பாவின் பென்ஷன் படிவம்

சேகர் சித்தப்பா: பென்ஷன் ஃபார்ம்ல ஏகப்பட்ட ஆப்ஷன். வெள்ளிக்குள்ள டிக் பண்ணிக் கொடுக்கணும். முதல் ஆப்ஷன்லதான் அதிகம், மாசம் 30,000. அதையே போட்டுடவா?

ரவி மாமா: போடுங்க. லதாவை நாமினியா போட்டுட்டா உங்களுக்கப்புறம் அவளுக்கு வந்துடும்

மீனா: வராது மாமா. முதல் ஆப்ஷன் சித்தப்பா ஆயுசு வரைக்கும்தான். அதோட பென்ஷன் நின்னுடும். அசலைத் திருப்பித் தர்ற ஆப்ஷன்னா நாமினிக்கு அந்தத் தொகை மொத்தமா வரும். மாசாமாசம் எதுவும் வராது.

ரவி மாமா: அதைத்தான் நானும் சொன்னேன்

குமார்: 😂😂

பாக்கியம் அத்தை: மெடிக்கல் பாலிசியா? சுகர்னு எனக்குத் தரமாட்டேன்னுட்டான்

மீனா: அது வேற அத்தை.
சித்தப்பா, சித்திக்குத் தனி வருமானம் இல்லை, உங்களைவிட 6 வயசு சின்னவங்க. ஜாயின்ட் லைஃப் பாருங்க. அதுல ரெண்டு வகை. 100 சதவீதம்னா இப்போ 27,000, பிறகு சித்திக்கும் அதே 27,000. 50 சதவீதம்னா இப்போ 28,500, பிறகு 14,250. நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இது ஒரு கணக்குக்கு. ஆள் ஒண்ணு குறைஞ்சா செலவு பாதியாகாது. வீட்டு வரி, கரண்ட், ரிப்பேர் எல்லாம் அப்படியேதான். இப்போ 26,000 ஆகுதுன்னா தனியா 18,000 ஆகும்னு வைங்க. 14,250 பத்தாது.

சேகர் சித்தப்பா: மாசம் 3,000 போகுதே

குமார்: 20 வருஷத்துக்கு 7,20,000

ரவி மாமா: அந்த 3,000-ல ஒரு டேர்ம் பாலிசி எடுத்துடலாமே?

மீனா: 35 வயசுல எடுத்திருந்தா சரி. 60-ல பிரீமியம் ஏறிடும், பிபி இருந்தா தராமலும் போகலாம். குறிப்பிட்ட வயசோட கவரும் முடிஞ்சுடும், தேவை அதுக்கப்புறம்தான் வரும்.

லதா சித்தி: என்னை யாராவது கேட்டீங்களா? மனையை வித்தப்பவும் இப்படித்தான்

சேகர் சித்தப்பா: அதை இப்ப ஏன் இழுக்கற

பாக்கியம் அத்தை: விக்கவே கூடாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்

மீனா: சித்தி, உங்க பிறந்த தேதி எல்லா அட்டையிலயும் ஒண்ணா இருக்கா?

லதா சித்தி: ஒண்ணுல 2 வருஷம் கூட போட்டிருக்கான்

மீனா: அதை முதல்ல திருத்துங்க. ஜாயின்ட் லைஃப்ல உங்க வயசை வச்சும்தான் தொகை போடுவாங்க. தப்பா இருந்தா பின்னாடி நீங்க பென்ஷன் கேக்கறப்ப நிறுத்தி வைப்பாங்க, அப்போ விளக்கம் சொல்ல சித்தப்பா இருக்கமாட்டார். பாலிசி கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ரத்து பண்ண முடியும். அதுக்கப்புறம் ஆப்ஷனை மாத்த முடியாது.

சேகர் சித்தப்பா: வெள்ளிக்குள்ள தேதி திருத்த முடியுமா?

மீனா: கஷ்டம். ஃபார்மை ஒரு வாரம் தள்ளிக் கொடுக்கலாமான்னு ஆபீஸ்ல கேளுங்க

ரவி மாமா: எதுக்கும் நாமினியும் போட்டுடுங்க

மீனா: போடணும்தான் மாமா. அசல் திரும்பற வகைன்னா ரெண்டு பேருக்கும் அப்புறம் யாருக்குன்னு கேப்பாங்க. ஆனா அதுல மாசத் தொகை இன்னும் குறையும்.

சேகர் சித்தப்பா: 50-ஐயே போட்டுட்டு மிச்சத்தை லதா பேர்ல டெபாசிட் பண்ணா?

லதா சித்தி: எந்த மிச்சம்?

பாக்கியம் அத்தை: என் சுகர் விஷயம் யாரும் பாக்கலையே